99.83 சதவீத அக்யூரசியும் கண்டுபிடிக்கப்படாத 492 மோசடிகளும்

மோசடிப் பரிவர்த்தனைகளைக் கண்டுபிடிக்க 99.83 சதவீத அக்யூரசியோடு ஒரு மாடல் வேண்டுமா? ஒரே வரியில் எழுதிவிடலாம். எந்தப் பரிவர்த்தனை வந்தாலும் "இது நல்லது" என்று சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். பயிற்சி வேண்டாம், ஜிபியு வேண்டாம்.

நான் சொல்வது பெல்ஜியத்தின் புருசெல்ஸ் பல்கலைக்கழக ஆய்வுக் குழுவும் வேர்ல்ட்லைன் என்ற கட்டணச் சேவை நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட கிரெடிட் கார்டு டேட்டாசெட்டைப் பற்றி. இந்தத் துறைக்குள் நுழைகிற யாரும் காக்கிள் தரவுத் தளத்தில் முதலில் இறக்கிப் பார்ப்பது அதைத்தான். 2013 செப்டம்பரில் ஐரோப்பியக் கார்டுதாரர்கள் இரண்டு நாளில் செய்த 2,84,807 பரிவர்த்தனைகள் அதில் இருக்கின்றன. மோசடி என்று குறிக்கப்பட்டவை 492. ஆயிரத்துக்கு இரண்டு கூட இல்லை. எல்லாவற்றையும் "நல்லது" என்று சொன்னால் 2,84,315 இடத்தில் நாம் சரி, 492 இடத்தில் தவறு. வகுத்துப் பார்த்தால் 99.83 சதவீதம் வந்துவிடும். பிடிபட்ட மோசடி பூஜ்யம்.

இது வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். எந்தப் பாடத்திலும் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. நான் எழுத வந்தது அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றி. அக்யூரசியை நம்பக்கூடாது என்று தெரிந்துகொண்டவர்கள், அதைச் சரிசெய்யப் போய் வேறொரு எண்ணிடம் ஏமாறுகிறார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகள் அனுப்பும் புராஜெக்ட்களில் நான் அதிகம் பார்ப்பது இந்த இரண்டாவது ஏமாற்றம்தான்.

அந்த புராஜெக்ட்கள் பெரும்பாலும் ஒரே பாதையில் போகின்றன. மோசடி 492 இருக்கிறதா, சரி, நல்ல பரிவர்த்தனைகளிலிருந்தும் குலுக்கல் முறையில் 492 எடுத்துக்கொள்வோம். இப்போது பாதிக்குப் பாதி, சமநிலை வந்துவிட்டது. இந்த 984 வரிசைகளை பயிற்சிக்கு ஒரு பங்கு, சோதனைக்கு ஒரு பங்கு என்று பிரிக்கிறார்கள். அக்யூரசி 94 சதவீதம், பிரிசிஷன் 98 சதவீதம், ரீகால் 90 சதவீதம் என்று ஒரு அட்டவணை வருகிறது. எல்லாம் பச்சை நிறம். புராஜெக்ட் முடிந்தது.

அந்த அட்டவணையை மெதுவாகப் பிரித்துப் பார்ப்போம். ரீகால் என்றால் இருக்கிற மோசடிகளில் எத்தனையைப் பிடித்தோம் என்பது. பிரிசிஷன் என்றால் நாம் கை காட்டியவற்றில் எத்தனை உண்மையிலேயே மோசடி என்பது. ரீகால் 90 சதவீதம் என்றால் 492-இல் 443 பிடிபட்டது. இதே மாடல் நல்ல பரிவர்த்தனைகளில் நூற்றுக்கு இரண்டைத் தவறாக மோசடி என்கிறது என்று வைத்துக்கொள்வோம். சமப்படுத்திய தரவில் நல்லவை 492 மட்டுமே என்பதால், தவறான அலர்ட் ஏறத்தாழ 10 வரும். 453 அலர்ட்டில் 443 உண்மை. பிரிசிஷன் 98 சதவீதம் என்பது இப்படி வந்த எண். கணக்கில் பிழையில்லை.

இதே மாடலை, ஒரு துளி மாற்றாமல், அந்த இரண்டு நாள் உண்மைத் தரவின் முன் நிறுத்துங்கள். மோசடி அதே 492, பிடிபடுவதும் அதே 443. ஆனால் நல்லவை இப்போது 2,84,315. அதில் நூற்றுக்கு இரண்டு என்றால் 5,686 தவறான அலர்ட். மொத்தம் 6,129 அலர்ட்டில் உண்மை 443. பிரிசிஷன் 7 சதவீதம்.

98 எங்கே, 7 எங்கே! மாடல் மாறவில்லை, அதன் திறமையும் மாறவில்லை. எந்தக் கூட்டத்தின் நடுவே அதை நிறுத்தினோம் என்பதுதான் மாறியது. ரீகாலும் தவறான அலர்ட் விகிதமும் அந்தந்த வகைக்குள்ளேயே கணக்கிடப்படுபவை என்பதால், கூட்டத்தில் எந்த வகை எவ்வளவு என்பது அவற்றைத் தொடாது. பிரிசிஷன் அப்படியல்ல. அது இரண்டு வகையையும் ஒரே பின்னத்தில் கலக்கிறது. அதனால் விகிதம் மாறினால் அதுவும் மாறிவிடும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. உண்மைத் தரவில் இந்த மாடலின் அக்யூரசி 98 சதவீதத்தை ஒட்டி வருகிறது. எதையுமே பிடிக்காத நம் ஒற்றை வரி மாடலுக்கு 99.83. அக்யூரசியை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் 443 மோசடியைப் பிடித்த மாடலைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒன்றுமே செய்யாததை வைத்துக்கொள்வோம்.

7 சதவீத பிரிசிஷன் மோசம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். அலர்ட் வந்தால் கார்டுதாரருக்கு தானாக ஒரு ஓடிபி போகிறது, அவ்வளவுதான் என்றால் அது தாங்கக்கூடிய எண்ணாகவே இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு அலர்ட்டையும் ஒரு மனிதர் திறந்து பார்க்க வேண்டுமென்றால் கதை வேறு. 6,129 அலர்ட் இரண்டு நாளுக்கு. நாளொன்றுக்கு மூவாயிரத்துச் சொச்சம். ஒன்றுக்கு ஐந்து நிமிடம், எட்டு மணி நேர வேலை என்று போட்டால் ஒருவர் 96 பார்ப்பார். 32 பேர் வேண்டும். பதினான்கு அலர்ட்டைத் திறந்தால்தான் ஒன்று உண்மையாக இருக்கும் என்ற நிலையில், இரண்டாவது வாரமே அவர்கள் படிக்காமல் மூட ஆரம்பித்துவிடுவார்கள். அந்த நிலையில் காகிதத்தில் இருக்கிற 90 சதவீத ரீகாலுக்கும் அர்த்தமில்லை.

ஆகவே முதல் விதி: சோதனைத் தரவை ஒருபோதும் சமப்படுத்தாதீர்கள். பயிற்சித் தரவில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம்; குறைக்கலாம், கூட்டலாம், எடை போடலாம். சோதனைத் தரவு தெருவில் என்ன விகிதத்தில் வருகிறதோ அதே விகிதத்தில் இருக்க வேண்டும்.

ஸ்மோட் பயன்படுத்துகிறவர்களுக்கு இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. 2002-இல் வந்த இந்த முறை, இருக்கிற ஒரு மோசடியை எடுத்து, அதற்கு மிக அருகில் உள்ள மோசடிகளில் (வழக்கமாக ஐந்து) ஒன்றைத் தேர்ந்து, இரண்டையும் இணைக்கும் கோட்டில் ஏதோ ஓரிடத்தில் ஒரு செயற்கை மோசடியை உண்டாக்குகிறது. இதை முதலில் செய்துவிட்டு அப்புறம் தரவைப் பிரித்தால், சோதனைப் பக்கம் போய் உட்காரும் செயற்கை மோசடிகள் பயிற்சிப் பக்கம் இருக்கிற மோசடிகளின் கலப்புகளாக இருக்கும். விடைத்தாளைப் பார்த்த பிறகு தேர்வு. ரீகால் 99.9 என்று வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

"மிக அருகில்" என்ற சொல்லையும் கவனியுங்கள். இந்த டேட்டாசெட்டில் `V1` முதல் `V28` வரை உள்ளவை பிசிஏ என்ற கணித முறையால் உருமாற்றி மறைக்கப்பட்ட எண்கள். பெரும்பாலும் சிறிய எண்கள். `Time` என்பது முதல் பரிவர்த்தனையிலிருந்து கடந்த விநாடிகள். அது 1,72,792 வரை போகிறது. அளவுகளைச் சீராக்காமல் ஸ்மோட்டை ஓட்டினால் இரண்டு மோசடிகள் "அருகில்" இருக்கின்றன என்பதற்கு அவை ஏறத்தாழ ஒரே நேரத்தில் நடந்தன என்பதே பெரும்பாலும் பொருள். அந்த 28 எண்களும் ஏறத்தாழ சும்மா உட்கார்ந்திருக்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. நான் பார்த்த நோட்புக்குகளில் பாதிக்கு மேல் இதைக் கண்டுகொள்வதில்லை.

எப்படிப் பிரிப்பது என்பதைக் குறியீட்டிலேயே காட்டிவிடுகிறேன்:

```python
import pandas as pd
from imblearn.pipeline import Pipeline
from imblearn.under_sampling import RandomUnderSampler
from sklearn.preprocessing import StandardScaler
from sklearn.linear_model import LogisticRegression
from sklearn.metrics import average_precision_score

df = pd.read_csv("creditcard.csv")
train = df[df["Time"] < 86400]
test = df[df["Time"] >= 86400]
cols = [c for c in df.columns if c not in ("Time", "Class")]

model = Pipeline([
    ("scale", StandardScaler()),
    ("under", RandomUnderSampler(sampling_strategy=0.1, random_state=7)),
    ("clf", LogisticRegression(max_iter=1000)),
])
model.fit(train[cols], train["Class"])
score = model.predict_proba(test[cols])[:, 1]
print(average_precision_score(test["Class"], score))
```

இதில் `imblearn`-இன் `Pipeline`-ஐப் பயன்படுத்தியிருப்பதற்குக் காரணம் உண்டு. அதற்குள் வைக்கும் மாதிரி குறைப்பு `fit` நடக்கும்போது மட்டுமே வேலை செய்யும். `predict` நேரத்தில் ஒதுங்கிக்கொள்ளும். சோதனைத் தரவு தொடப்படாது. `sampling_strategy=0.1` என்றால் ஒரு மோசடிக்குப் பத்து நல்லவை. ஒன்றுக்கு ஒன்று என்று போனால் நல்ல பரிவர்த்தனைகளில் 99.8 சதவீதத்தைத் தூக்கி எறிகிறோம். நல்லவை எத்தனை விதமாக இருக்கும் என்பதை மாடல் கற்றுக்கொள்ள அந்த 492 போதாது.

முதல் நாளைப் படித்து இரண்டாம் நாளில் சோதிக்கிறோம் என்பதையும் பாருங்கள். குலுக்கலில் பிரிப்பதைவிட இது ஏன் நல்லது? திருடப்பட்ட ஒரு கார்டில் மோசடி பெரும்பாலும் ஒரு முறையோடு நிற்காது. சில நிமிடங்களில் அடுத்தடுத்து நடக்கும். இந்தத் தரவில் கார்டு எண் இல்லாததால் எவை ஒரே கார்டின் வரிசைகள் என்று நம்மால் பிரித்துக் காட்ட முடியாது. குலுக்கினால் ஒரே சம்பவத்தின் பாதி பயிற்சியிலும் மீதி சோதனையிலும் விழும். அது மட்டுமில்லை, இந்தக் கோப்பில் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரியான 1,081 இரட்டை வரிசைகள் இருக்கின்றன. அவற்றை நீக்கினால் மோசடி எண்ணிக்கை 492-லிருந்து 473 ஆகிவிடும். 19 மோசடிகள் வெறும் நகல்கள். நகல்களின் `Time`-உம் ஒன்றேதான் என்பதால், நேரத்தை வைத்துப் பிரித்தால் அவை எப்போதும் ஒரே பக்கம் விழுந்துவிடுகின்றன.

சரி, சோதனைத் தரவு உண்மையாக இருக்கிறது. எந்த எண்ணைப் பார்ப்பது?

எந்த மதிப்பெண்ணுக்கு மேல் அலர்ட் என்பதை மாற்றி மாற்றி வரையும் ஆர்ஓசி வளைவின் கீழ்ப் பரப்பைப் பலரும் சொல்வார்கள். இந்தத் தரவில் சாதாரண லாஜிஸ்டிக் ரெக்ரஷனுக்கே அது 0.95-ஐத் தாண்டுவது சகஜம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வளைவின் செங்குத்து அச்சு ரீகால், கிடைமட்ட அச்சு தவறான அலர்ட் விகிதம்; அதாவது கீழே 2,84,315-ஐ வைத்து வகுத்த எண். இரண்டு புள்ளிகளை எடுங்கள். ஒன்றில் தவறான அலர்ட் 0.1 சதவீதம், ரீகால் 80. மற்றதில் தவறான அலர்ட் 1 சதவீதம், ரீகால் 90. படத்தில் இரண்டும் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டாவது கொஞ்சம் உயரத்தில் இருப்பதால் அதுவே மேல் என்றுகூடத் தோன்றும். அலர்ட்டாக எண்ணிப் பார்த்தால், முதல் புள்ளியில் 394 உண்மை, 284 பொய். இரண்டில் ஒன்றுக்கு மேல் உண்மை. இரண்டாவதில் 443 உண்மை, 2,843 பொய், ஏழில் ஒன்று. கூடுதலாக 49 மோசடியைப் பிடிக்க 2,559 பேரின் நல்ல பரிவர்த்தனையை நிறுத்தியிருக்கிறோம். ஆர்ஓசி படத்தில் இது ஒரு நூலிழை அளவு இடைவெளி.

பிரிசிஷனையும் ரீகாலையும் ஒன்றுக்கு எதிராக மற்றொன்றை வைத்து வரைந்தால் இந்த இரண்டு புள்ளிகளும் படத்தில் வெகுதூரம் விலகிப் போய்விடும். அந்த வளைவைச் சுருக்கிச் சொல்லும் எண்தான் மேலே குறியீட்டின் கடைசி வரியில் இருக்கும் `average_precision_score`. டேட்டாசெட்டை வெளியிட்டவர்களே இந்த வளைவின் பரப்பை வைத்து அளக்கச் சொல்லியிருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஊகிக்கும் மாடலுக்கு ஆர்ஓசியில் 0.5 கிடைக்கும், இங்கே கிடைப்பது மோசடியின் விகிதமான 0.0017 மட்டுமே. அதனால் 0.7 என்ற எண்ணைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். எங்கிருந்து ஏறி வந்தது என்று பார்க்க வேண்டும்.

ஒப்பிடும்போது இன்னொன்று. இருபது சதவீதத்தைச் சோதனைக்கு ஒதுக்கினால் அதில் மோசடி சுமார் 98 இருக்கும். ஒரு மோசடி கூடினாலும் குறைந்தாலும் ரீகால் ஏறத்தாழ ஒரு புள்ளி நகரும். 80 சதவீதம் என்று வந்த ரீகாலின் திட்டப் பிழை மட்டுமே 4 புள்ளி. அப்படியிருக்க, "எக்ஸ்ஜிபூஸ்ட் 85, ரேண்டம் ஃபாரஸ்ட் 82, ஆகவே எக்ஸ்ஜிபூஸ்ட் வென்றது" என்று எழுதுவது மூன்றே மூன்று மோசடிகளை வைத்துத் தீர்ப்புச் சொல்வது. மூன்று லட்சம் வரிசை இருக்கிறதே என்ற தைரியம் இங்கே செல்லாது. ரீகாலுக்குக் கணக்கில் வருவது அந்த 98 மட்டுமே.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். மாடல் ஒரு பரிவர்த்தனைக்கு 0.9 என்று மதிப்பெண் கொடுக்கிறது. இது மோசடியாக இருக்க 90 சதவீத வாய்ப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா?

சமப்படுத்திப் பயிற்றுவித்த மாடல் என்றால் கூடாது. பாதிப் பேர் திருடர்களாக இருக்கிற உலகத்தில் அது வளர்ந்தது. அந்த உலகத்தின் வாய்ப்பைத்தான் அது சொல்கிறது. அதை நம் உலகத்துக்கு மாற்ற ஒரு எளிய சூத்திரம் இருக்கிறது. டேட்டாசெட்டோடு தொடர்புடைய அதே புருசெல்ஸ் குழுவினர் 2015-இல் இதைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள்.

```
p = b*s / (b*s + 1 - s)
```

இதில் `s` மாடல் கொடுத்த மதிப்பெண். `b` என்பது நல்ல பரிவர்த்தனைகளில் எவ்வளவு பங்கை வைத்துக்கொண்டோம் என்பது. ஒன்றுக்கு ஒன்று குறைத்திருந்தால் `b` 492-ஐ 2,84,315-ஆல் வகுத்தது, அதாவது 0.00173. போட்டுப் பாருங்கள். 0.9 என்ற மதிப்பெண் 1.5 சதவீதமாக இறங்குகிறது. 0.99 என்பது 15 சதவீதத்துக்கும் கீழே. 0.999 கொடுத்தால்தான் 63 சதவீதம் வருகிறது, அதாவது பாதியைத் தாண்டுகிறது. `predict`-ஐ அழைத்தால் 0.5-ஐக் கட்-ஆஃபாக வைத்து அது முடிவு செய்துவிடுகிறதே, அந்த 0.5 இங்கே எவ்வளவு தெரியுமா? 0.17 சதவீதம். எந்தப் பரிவர்த்தனையைக் குருட்டாம்போக்கில் எடுத்தாலும் இருக்கிற அதே வாய்ப்பு. அலர்ட் வெள்ளமாக வந்ததில் வியப்பே இல்லை.

`class_weight="balanced"` போடுவதும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஒரு மோசடிக்கு ஏறத்தாழ 578 நல்லவைக்குச் சமமான எடை கிடைக்கிறது. லாஜிஸ்டிக் ரெக்ரஷனில் இதன் பெரும்பகுதி விளைவு மாறிலியை மேலே தள்ளுவதுதான். எது எதைவிடச் சந்தேகத்துக்குரியது என்ற வரிசை அதிகம் மாறாது. வேறு சொற்களில், எடை போடாத மாடலில் கட்-ஆஃபை 0.5-லிருந்து கீழே இறக்கினால் கிடைப்பதை ஒத்த ஒன்றைச் சுற்றி வளைத்துச் செய்திருக்கிறோம். அதனால்தான் என் பழக்கம், முதலில் எதையும் சமப்படுத்தாமல் ஒரு மாடலைப் பயிற்றுவித்து, கட்-ஆஃபை மட்டும் நகர்த்திப் பார்ப்பது. அதைத் தாண்டி ஸ்மோட்டோ எடையோ ஏதாவது தருகிறதா என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தரவில்லை என்று தெரிந்த நாட்களே அதிகம்.

வாய்ப்பு சரியாக இருந்தால் கட்-ஆஃபுக்கு ஒரு மாய எண்ணைத் தேட வேண்டியதில்லை. ஒரு அலர்ட்டைச் சரிபார்க்க 3 யூரோ செலவு என்று வைத்துக்கொள்வோம். 2,000 யூரோ பரிவர்த்தனைக்கு மோசடி வாய்ப்பு 1.5 சதவீதம் என்றால் எதிர்பார்க்கும் இழப்பு 30 யூரோ, பார்க்கத்தான் வேண்டும். 9 யூரோ பரிவர்த்தனைக்கு அதே 1.5 சதவீதம் என்றால் இழப்பு 14 சென்ட், விட்டுவிடலாம். மதிப்பெண் ஒன்று, முடிவு இரண்டு. திருத்தாத 0.9-ஐ வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் அந்த 9 யூரோவுக்கும் 8 யூரோ இழப்பு என்று காட்டி அலர்ட் அடித்திருக்கும்.

இந்தக் கணக்கை அப்படியே நம்பிவிடவும் முடியாது என்று இதே தரவு காட்டுகிறது. இதில் உள்ள மோசடிகளின் சராசரித் தொகை 122. ஆனால் நடு மதிப்பு 9.25 மட்டுமே, பாதி மோசடிகள் அதற்கும் கீழே. நல்ல பரிவர்த்தனைகளின் நடு மதிப்பு 22. கார்டு எண்ணைத் திருடியவர்கள் அது வேலை செய்கிறதா என்று சின்னத் தொகை போட்டுப் பார்ப்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். 9 யூரோவில் இழப்பு 9 யூரோ மட்டும் என்று கணக்கிட்டால், அதற்குப் பின்னால் வரப்போகிற 900-க்குக் கதவைத் திறந்துவிட்டதாக ஆகும். அதனால் இழப்பு என்ற இடத்தில் `Amount`-ஐ வைக்காமல், அந்தக் கார்டில் மீதமிருக்கும் வரம்பையோ, பிடிபடாத கார்டுகளில் வழக்கமாகப் போகும் மொத்தத் தொகையையோ வைப்பது நியாயமாக இருக்கும். அது வங்கியிடம் இருக்கும். இந்தக் கோப்பில் இல்லை.

ஆட்கள் குறைவாக இருக்கும் இடத்தில் இதையும் எளிமையாக்கிவிடலாம். ஒரு நாளில் 200 அலர்ட்தான் பார்க்க முடியும் என்றால், அன்றைய பரிவர்த்தனைகளை மதிப்பெண் வரிசையில் அடுக்கி மேலே உள்ள 200-ஐ எடுங்கள். அதில் எத்தனை உண்மை? அந்த ஓர் எண்ணைத்தான் மேலாளரிடம் சொல்வேன். இந்தத் தரவில் நாளொன்றுக்குச் சராசரியாக 246 மோசடி என்பதால், மிகச் சிறந்த மாடலால்கூட அந்த 200-க்கு மேல் பிடிக்க முடியாது, அதாவது ரீகால் 81-ஐத் தாண்டாது என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

கடைசியாக `Class` பத்தியைப் பற்றி. அதில் 0 என்று இருந்தால் நல்லது என்று படிக்கிறோம். நடைமுறையில் அதன் பொருள் "இதுவரை யாரும் புகார் செய்யவில்லை" என்பதுதான். அலர்ட் அடித்து, ஆள் பார்த்து உறுதி செய்த மோசடி அன்றைக்கே 1 ஆகிவிடும். அலர்ட் அடிக்காதது, கார்டுதாரர் மாதாந்திர அறிக்கையைப் பார்த்து வங்கிக்குப் போன் செய்யும் வரை 0-ஆகவே கிடக்கும். அதற்கு வாரக்கணக்கும் ஆகலாம், மாதக்கணக்கும் ஆகலாம். எனவே உங்கள் நிறுவனத்தின் சொந்தத் தரவில் கடைசி மாதத்தைச் சோதனைக்கு எடுத்தால், பழைய மாடல் தவறவிட்ட மோசடிகள் இன்னும் 0-வாகவே இருக்கும். புது மாடல் அவற்றைச் சரியாகப் பிடித்தாலும் அட்டவணையில் அது தவறான அலர்ட் என்றே எண்ணப்படும். சோதனைக்கு எடுக்கும் காலத்தை, புகார்கள் வந்து முடிந்த அளவுக்குப் பின்னால் தள்ளிவையுங்கள். நான் குறைந்தது மூன்று மாதம் தள்ளுவேன். உங்கள் வங்கியில் புகார் வர எத்தனை நாளாகிறது என்பதை ஒரு ஹிஸ்டோகிராம் போட்டுப் பார்த்துவிட்டு நீங்கள் முடிவு செய்யுங்கள்.